திங்கட்கிழமை ஏழு இருபது

அந்த ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், லாண்டரிக்கும் ஆக்சிஜன் சிலிண்டர் அடுக்குகிற இடத்துக்கும் நடுவில் ஒரு அறை. ஆபரேஷனுக்கு வேண்டிய கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் அங்கேதான் கழுவி, பொட்டலம் கட்டி, நீராவி மெஷினில் ஏற்றி, கிருமி இல்லாமல் ஆக்கி மேலே அனுப்புவார்கள். இப்படி ஒரு அறை இருப்பதே மேலே இருக்கிற டாக்டர்கள் பாதிப் பேருக்குத் தெரியாது. பொட்டலம் வராத அன்றைக்கு மட்டும் நன்றாகத் தெரியும்.

அந்த அறைக்கு இன்சார்ஜ் ஒரு அம்மா. ஐம்பத்தாறு வயது. கீழே எல்லாருக்கும் அவர் 'அக்கா'தான். அவரைவிட ஒரு வயது மூத்த, பொட்டலம் கட்டுவதில் கைதேர்ந்த பெரியவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். "பதவிக்கு வயசு அதிகம்"னு அவரே விளக்கமும் சொல்லிக்கொள்வார். அந்தப் பெரியவருக்குப் பெயரே 'பொட்டலம்'தான். சம்பளச் சீட்டில் வேறு ஏதோ இருக்கும். யார் பார்த்தது?

சும்மா சொல்லக்கூடாது, அக்கா வேலையில் புலி. முப்பத்திரண்டு வருஷம் அந்த ஒரே அறை. பாத்திரம் கழுவுகிற ஆளாக வந்து, பொட்டலம் கட்டி, மெஷின் ஓட்டி, கடைசியில் அந்த மூலை மேஜைக்கு வந்து சேர்ந்தவர். ஒரு கத்தரியைக் கையில் வாங்கி ரெண்டு தடவை திறந்து மூடினால் எந்த ஆபரேஷன் தியேட்டருடையது என்று சொல்லிவிடுவார். ஒரே ஒரு விஷயத்தில்தான் அக்காவுக்குச் சறுக்கல். அதுவும் ஒரு நாள் சறுக்கல் இல்லை, அஞ்சு வருஷச் சறுக்கல். மாதாந்திர மீட்டிங்.

அறைக்கு மூன்று ஷிஃப்ட். காலை ஏழிலிருந்து ரெண்டு. ரெண்டிலிருந்து ராத்திரி ஒன்பது. ஒன்பதிலிருந்து மறுநாள் காலை ஏழு. காலைக்கும் மாலைக்கும் ஐந்து ஐந்து பேர், வாரத்துக்கு ஒரு தரம் மாறிக்கொள்வார்கள். ராத்திரிக்கு நிரந்தரமாக மூன்று பேர், அவர்களாகக் கேட்டு வாங்கிக்கொண்டவர்கள். மாதா மாதம் எல்லாரையும் கூட்டி, புதுசாக என்ன மாறியிருக்கிறது என்று சொல்லி, வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கி, அந்தத் தாளை மாடிக்கு அனுப்ப வேண்டும். மாடியில் அதை வாங்கி ஃபைலில் போடுகிறவர் தரப் பிரிவு அதிகாரி. கீழே அவருக்கு 'குவாலிட்டி மேடம்' என்று பெயர். சின்ன வயசு, கெட்டிக்காரி, யாரையும் கடிந்து பேச மாட்டார். தாளில் பதின்மூன்று பெயர் இருந்தால் பதின்மூன்று கையெழுத்து இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவர் கணக்கு.

மீட்டிங் எப்போது? மதியம் ரெண்டு மணி. ஏன் ரெண்டு? மாடியில் அந்த ஏசி ஹால் அப்போதுதான் காலியாக இருக்கும். காலை ஷிஃப்ட் இறங்குகிற நேரம், மாலை ஷிஃப்ட் ஏறுகிற நேரம், பத்துப் பேர் கைக்குக் கிடைத்துவிடுவார்கள். மீதி மூன்று பேர்? அவர்கள் அந்த நேரத்தில் வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குவார்கள். தூங்காமல்? ராத்திரி முழுக்க நின்ற காலாயிற்றே.

அதனால் ஒரு வழக்கம் வந்தது. யாரும் திட்டம் போட்டு ஆரம்பிக்கவில்லை. முதல் மாதம் ஒருவருக்கு உடம்பு சரியில்லை, மறுநாள் கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதம் மூன்று பேரும் மறுநாள் போட்டார்கள். அப்புறம் அதுவே முறையாகிவிட்டது. வந்தவர்கள் மதியம் போடுவார்கள், ராத்திரி ஆட்கள் மறுநாளோ அதற்கு மறுநாளோ போடுவார்கள். தாள் பார்க்க லட்சணமாக இருக்கும். ஒரு கட்டம்கூடக் காலி இருக்காது.

வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் தெரியாமல் செய்தார்கள் என்று விட்டுவிடலாம். அக்காவே பதினோரு வருஷம் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவர்! அந்தக் காலத்தில் இருந்த இன்சார்ஜ் நடு மத்தியானம் மீட்டிங் வைப்பார். அக்கா கண் எரிய எரிய பஸ் பிடித்து வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, தூங்கி விழுந்து, அந்த ஆளை மனசுக்குள் வண்டி வண்டியாகத் திட்டியிருக்கிறார். "நான் மட்டும் அந்த நாற்காலிக்கு வந்தேன்னா..." என்று வீட்டுக்காரரிடம் சபதம் போட்டதும் உண்டு. நாற்காலிக்கு வந்தார். பகலில் வேலை, ராத்திரியில் தூக்கம் என்று உடம்பு பழகியது. உடம்பு பழகியதோடு அந்த எரிச்சலும் போய்விட்டது. மனுஷ புத்தி அப்படித்தான்.

ராத்திரி ஆட்கள் மூன்று பேரில் மெஷின் ஓட்டுகிறவனுக்குக் 'கோட்டான்' என்று பட்டப்பெயர். முப்பத்தெட்டு வயது. ராத்திரி மூன்று மணிக்கும் கண் கொட்டாமல் மெஷின் முன்னால் நிற்பான், அதனால் வந்த பெயர். அவனுக்கு அதில் பெருமைதான். அவன் மனைவி ஒரு துணிக்கடையில் பகல் வேலை. ரெண்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு மகள். மூன்றரைக்குப் பள்ளிக்கூட வாசலில் நிற்பதற்கு வீட்டில் வேறு ஆள் இல்லை. அதற்காகத்தான் ராத்திரி ஷிஃப்ட் கேட்டு வாங்கியிருந்தான். காலை ஒன்பது மணிக்குப் படுத்தால் மூன்று வரைக்கும் தூக்கம், அப்புறம் மகள்.

போன மாத மீட்டிங்கில் ஒரே ஒரு புது விஷயம். பொட்டலம் கட்டுகிற துணிக்குப் பதிலாகப் புது விரிப்பு வரப்போகிறது. கனமானது. எலும்பு ஆபரேஷனுக்குப் போகிற பெட்டிகள் இரும்புக் கனம், அவற்றை இந்த விரிப்பில் சுற்றினால் பழைய நேரத்தில் உள்ளே ஈரம் காயாது. அதனால் மெஷினில் நாலாம் நம்பர் ஓட்டத்துக்குப் பதில் ஏழாம் நம்பர் வைக்க வேண்டும். அதில் காய்கிற நேரம் பதினைந்து நிமிஷம் கூடுதல். ஈரமான பொட்டலம் கிருமி இல்லாத பொட்டலம் ஆகாது. வெளியே இருக்கிற கிருமி அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விடும். பத்துப் பேர் கேட்டுக்கொண்டார்கள். பழைய துணி தீர்ந்த பிறகுதான் புது விரிப்பு எடுப்போம், அதற்குள் மெஷினில் ஒரு அட்டை எழுதி ஒட்டிவிடலாம் என்றார் அக்கா. அட்டை எழுதினார். அதற்குப் பிளாஸ்டிக் உறை போட மாடிக்கு அனுப்பினார். அது மாடியிலேயே படுத்துக்கொண்டது.

மாலை ஷிஃப்ட் ஆட்கள் அன்று ராத்திரி வந்த ரெண்டு பேருக்கு விஷயத்தைச் சொன்னார்கள். கோட்டானுக்கு அன்று வார லீவு.

மூன்றாம் நாள் காலை. ஒன்பது மணிக்குத் தாள் மாடிக்குப் போயாக வேண்டும், ஒரு கட்டம் காலி. அக்கா ஏழு மணிக்கே வந்து சைக்கிள் ஸ்டாண்டில் கோட்டானைப் பிடித்தார்.

"தம்பி, இதுல ஒரு கையெழுத்துப் போடு."

அவன் சைக்கிள் சீட்டின் மேல் தாளை வைத்துக்கொண்டே கேட்டான். "என்னக்கா சொன்னாங்க மீட்டிங்ல?"

"வழக்கமானதுதான். போடு, நேரமாச்சு."

போட்டான். அக்காவுக்கு அந்த இடத்தில் நிஜமாகவே ஞாபகம் வரவில்லை. அவர் மனசு முழுக்க அந்தக் காலிக் கட்டம்தான். பிற்பாடு எத்தனையோ தடவை அந்தக் காலையை நினைத்துப் பார்த்தார். அவன் கேட்டான். வாயைத் திறந்து கேட்டானே! நாலு வார்த்தை, 'எலும்புப் பெட்டிக்கு ஏழு வை'. சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

ஒன்பதாம் நாள் ராத்திரி பழைய துணி தீர்ந்தது. ராத்திரி ஷிஃப்டில் பொட்டலம் கட்டுகிறவர், ஏழாம் நம்பர் கோட்டானுக்கும் தெரியும் என்ற நினைப்பில், புது விரிப்பை எடுத்தார். கோட்டான் எப்போதும்போல நாலாம் நம்பரை வைத்தான். காலையில் மேலே தியேட்டரில் நர்ஸ் பெட்டியைத் திறந்தால் உள்ளே தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது. இடுப்பு எலும்பு உடைந்த ஒரு வயசான மனிதர், முந்தின ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் வண்டியில் படுத்திருக்கிறார். இன்னொரு பெட்டி வேறு தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. அவரைத் திரும்ப வார்டுக்கே தள்ளிக்கொண்டு போனார்கள். மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனாலும் ஒரு முழு நாள் உடைந்த எலும்போடு அவர் துடித்தது துடித்ததுதான்.

டாக்டர் மாடியையே கீழே இறக்கிவிட்டார். குவாலிட்டி மேடம் தாளோடு வந்தார்.

"அக்கா, இவர் மீட்டிங்ல இருந்திருக்கார். கையெழுத்து இருக்கு. சொல்லியும் செய்யல. அப்படித்தானே?"

அக்கா தாளைப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் இந்த ஒரு தாளோடு போகாது. அஞ்சு வருஷம், அறுபது தாள், அத்தனையும் பொய். ரெண்டு வருஷத்தில் ஓய்வு. முப்பத்திரண்டு வருஷப் பெயர்.

"கையெழுத்து இருக்கு மேடம்" என்றார்.

அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அதுதான் கொடுமை. பச்சைப் பொய்யாகச் சொல்லியிருந்தால்கூடப் பொய் சொன்னோம் என்று அழுது தீர்த்திருக்கலாம். இது அப்படியும் இல்லாமல் இப்படியும் இல்லாமல் நெஞ்சில் நின்றுகொண்டது.

கோட்டானைக் கேட்டார்கள். அவன் தலையைத் தூக்கி அக்காவை ஒரு தடவை பார்த்தான். "மறந்துட்டேன் மேடம்" என்றான். எழுதிக் கொடு என்றார்கள், 'மறந்துவிட்டேன்' என்று எழுதிக் கொடுத்தான். விசாரணை முடிகிற வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவனுக்கு ஒப்பந்த வேலை. மாதக் கடைசியில் புதுப்பிக்க வேண்டும். இந்த ஒரு தாள் ஃபைலில் இருந்தால் எவன் புதுப்பிப்பான்?

அன்று அக்கா வீட்டுக்குப் போய்த் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு உட்கார்ந்தார். வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், வாயாடி.

"என்னடி, மூஞ்சி இஞ்சி தின்ன மாதிரி இருக்கு?"

சொன்னார். முழுசாகச் சொன்னார். வீட்டுக்காரர் கேலியை விட்டுவிட்டார்.

"நீ நைட் பார்த்த காலத்துல நான் காலிங்பெல் ஒயரையே புடுங்கி வச்சிருந்தேன், ஞாபகம் இருக்கா? ஒருத்தனும் உன்னை எழுப்பக் கூடாதுன்னு. உனக்குக் கீழ இருக்கிற மூணு பேருக்கு நீ அந்த ஒயரைப் புடுங்கல, சரி. எழுப்பவாவது எழுப்பினியா? அதுவும் இல்ல. அவங்க இல்லாமயே மீட்டிங் நடத்திட்டு, இருந்தாங்கன்னு எழுதி வச்சிருக்க."

"மத்தவங்க எல்லாரும் இப்படித்தான்..."

"மத்தவங்களப் பத்தி யாரு கேட்டா? நாளைக்கே போய்ச் சொல்லிடு."

மறுநாள் அக்கா சொல்லவில்லை. அதற்குப் பதிலாக என்ன செய்தார் தெரியுமா? மீட்டிங்கைச் சரி செய்ய உட்கார்ந்தார்! சில பேர் அப்படித்தான், கையில் குத்திய முள்ளை எடுக்க மாட்டார்கள், வீடு முழுக்கப் பெருக்கித் தள்ளுவார்கள். மூன்று ஷிஃப்டும் உட்காருகிற மாதிரி ஒரு நேரம் கண்டுபிடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் பதின்மூன்று பேரின் பஸ் நேரம், பிள்ளைகளின் பள்ளிக்கூட நேரம், தூங்குகிற நேரம், எல்லாம் கேட்டு எழுதினார். ராத்திரி ஷிஃப்ட் ஆட்களிடம் கேட்க ராத்திரி ஒன்பதே காலுக்குத் தானே போய் நின்றார். அவர்களில் ஒருவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "இதெல்லாம் எங்ககிட்ட யாருமே கேட்டது இல்லியேக்கா."

ராத்திரி ஒன்பது மணிக்கு வைத்தால் முடிந்து திரும்பும்போது பெண்களுக்குக் கடைசி பஸ் போயிருக்கும். காலை ஆறரைக்கு வைத்தால் தியேட்டருக்குப் பெட்டி போகிற நேரம், ஒரு கை குறைந்தாலும் நாறிவிடும். ஏழே கால் வாக்கில் எல்லாப் பெட்டியும் மேலே போயிருக்கும். அப்போது ராத்திரி ஆட்கள் இன்னும் வாசலைத் தாண்டியிருக்க மாட்டார்கள். காலை ஆட்கள் வந்திருப்பார்கள். மாலை ஆட்கள்தான் சிக்கல். ராத்திரி ஒன்பதுக்கு வேலை முடித்துப் போய்ப் படுத்தவர்களை விடிந்ததும் வா என்றால் சும்மா விடுவார்களா?

அதற்கு வழி காட்டியது பொட்டலம். "அக்கா, திங்கக்கிழமை வைங்க. அன்னைக்குத்தானே ஷிஃப்ட் மாறுது? அன்னைக்கு மாலை ஷிஃப்ட்டு வர்றவங்க போன வாரம் பூரா காலையில வந்தவங்க. அவங்க உடம்பு அஞ்சு மணிக்கே முழிச்சுக்கும். வேண்டாம்னாலும் முழிச்சுக்கும்."

பளிச்சென்று விழுந்தது. திங்கட்கிழமை, ஏழு இருபதிலிருந்து ஏழு ஐம்பது. ஞாயிறு ராத்திரி மூன்று பேருக்கும் வார லீவு வராத மாதிரி அட்டவணையை மாற்றினார். மாடி ஹால் வேண்டாம், மெஷின் பக்கத்திலேயே பொட்டலம் கட்டுகிற மேஜையைச் சுற்றி நிற்கலாம், மெஷின் கத்தினால் காதில் விழும். அந்த அரைமணி நேரம் அழுக்குப் பெட்டி வாங்குகிற ஜன்னலில் நிற்கத் தியேட்டரிலிருந்து ஒரு ஆளைக் கேட்டு வாங்கினார். தங்கிய நேரத்துக்கும் வீட்டிலிருந்து வந்த நேரத்துக்கும் ஒரு மணி நேரம் லீவாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று மாடியில் சண்டை போட்டு எழுதி வாங்கினார். நிஜமாகவே நல்ல ஏற்பாடு. அஞ்சு வருஷம் முன்னாடி ரெண்டு நாள் உட்கார்ந்திருந்தால் வந்திருக்கும்.

இதெல்லாம் முடிக்கப் பதினெட்டு நாள் ஆயிற்று. பதினெட்டு நாளும் கோட்டான் வீட்டில். மாதம் முடிய இன்னும் அஞ்சு நாள். அக்கா ஒவ்வொரு சாயங்காலமும் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று போவார், காலையில் வந்து நோட்டைத் திறந்துவிடுவார். வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டிய செய்தியை மட்டும் தானே தட்டினார். 'திங்கள் காலை 7.20. எல்லா ஷிஃப்டும் கட்டாயம் வரவும்.'

திங்கட்கிழமை ஏழு பதினைந்துக்கே கூட்டம் சேர்ந்துவிட்டது. மாலை ஷிஃப்ட் ஆட்கள் தலை குளித்து ஈரத்தோடு வந்து நின்றார்கள். ராத்திரி ஆட்கள் ரெண்டு பேர் கொட்டாவி விட்டுக்கொண்டு சுவரோரம். நின்று நாலு வார்த்தை பேசாமலே வருஷக் கணக்கில் ஒரே மெஷினைத் தொட்டவர்கள் ஒருவரை ஒருவர் கிண்டல் பண்ணிக்கொண்டார்கள். "ஓ, இடுக்கிய அலம்பாம வச்சிட்டுப் போற புண்ணியவான் நீங்கதானா?"

மாடியிலிருந்து வந்திருந்த குவாலிட்டி மேடத்துக்கு வாயெல்லாம் சிரிப்பு. "அக்கா, உங்களுக்குத்தான் முதல்ல நன்றி சொல்லணும். மத்த டிபார்ட்மென்ட்டுக்கும் இதையே சொல்லப் போறேன். இனிமே யாரும் மறந்துட்டேன், தெரியாதுன்னு சாக்குச் சொல்ல முடியாது பாருங்க."

எல்லாரும் கை தட்டினார்கள். அக்கா கை தட்டவில்லை. ஓடிப்போய் எங்காவது ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

அப்போதுதான் பொட்டலம் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "டேய் கோட்டான்! நீ எங்கடா இங்க?"

கதவோரம் நின்றிருந்தான். தாடி வளர்ந்திருந்தது. வேலை உடுப்பு இல்லை, வீட்டுச் சட்டை.

"மெசேஜ் வந்துச்சுண்ணே. எல்லா ஷிஃப்டும் கட்டாயம்னு போட்டிருந்துச்சு. நானும் வரணுமா வேண்டாமான்னு தெரியல. வராம அது வேற ஒரு குத்தமாயிடுமோன்னு வந்துட்டேன்."

குழுவிலிருந்து அவனை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. குவாலிட்டி மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அப்புறம் சரி, நிற்கட்டும் என்பதுபோல் தலையசைத்தார். அக்கா புது விரிப்பைக் காட்டி, எலும்புப் பெட்டி, ஏழாம் நம்பர், காய்கிற நேரம் எல்லாம் சொன்னார். கோட்டான் மெஷினையே பார்த்துக்கொண்டு கேட்டான். முதல் தடவையாகக் கேட்கிறான் என்பது அந்த அறையில் ரெண்டே பேருக்குத்தான் முழுசாகத் தெரியும்.

தாள் சுற்றி வந்தது. ஒவ்வொருவராகப் போட்டு அடுத்தவரிடம் தள்ளினார்கள். கடைசியில் அவன் கைக்கு வந்தது. பேனாவைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான்.

"நான் போடலாமாக்கா?"

கேலி இல்லை, குத்தல் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டான். அதற்கு மேல் அக்காவால் முடியவில்லை.

"போடு தம்பி. இதுக்கு நீ போடலாம். நீ கேட்டிருக்க." மேடத்தின் பக்கம் திரும்பினார். "மேடம், போன மாசத் தாள்ல இருக்கிற இவன் கையெழுத்து பொய். மீட்டிங் நடந்தப்போ இவன் வீட்ல தூங்கிட்டிருந்தான். மூணாம் நாள் சைக்கிள் ஸ்டாண்டுல நிறுத்தி நான்தான் வாங்கினேன். என்ன சொன்னாங்கன்னு கேட்டான். வழக்கமானதுதான்னு சொன்னேன். ஏழாம் நம்பர்னு ஒரு வார்த்தை இவன் காதுல விழல. நைட் ஷிஃப்ட் கையெழுத்து அஞ்சு வருஷமா இப்படித்தான். அது இவங்க தப்பு இல்ல, நான் வச்ச நேரம்."

குவாலிட்டி மேடம் அக்காவின் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு நான் உங்ககிட்ட நேரா கேட்டேனே அக்கா."

"கேட்டீங்க."

"மேல வாங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம் என்று அக்காவுக்கு இருந்தது.

மாடியில் எழுதிக் கொடுத்தார். அறுபது தாளும் பீரோவிலிருந்து இறங்கின. அட்டை மாடியில் கிடந்ததும் அப்போதுதான் வெளியே வந்தது. மத்தியானத்துக்குள் முடிவு சொல்லிவிட்டார்கள். கோட்டான் இன்று ராத்திரியே வேலைக்கு வரலாம், பதினெட்டு நாளும் வேலை நாளாகவே கணக்கு, 'மறந்துவிட்டேன்' தாளை ஃபைலிலிருந்து எடுத்துவிடுகிறோம். அக்காவுக்கு மெமோ. மேஜை வேறு ஆளுக்குப் போகும், எப்போது என்று பிறகு சொல்வார்கள். அக்கா சரி என்றார். மனசு லேசாகும் என்று நினைத்திருந்தார், ஆகவில்லை.

கோட்டான் போகாமல் சைக்கிள் ஸ்டாண்டிலேயே நின்றிருந்தான். அக்கா பக்கத்தில் போனார்.

"தம்பி, மன்னிச்சுடுப்பா."

"வேலை கிடைச்சிடுச்சுக்கா. அது போதும்." சொல்லிவிட்டு சைக்கிள் மணியை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் குரல் மாறியது. "ஏன்க்கா இத்தனை நாள்? நீங்க சொல்லிடுவீங்கன்னு நெனச்சுத்தான் நான் மறந்துட்டேன்னு எழுதினேன். உங்களை நான் மாட்டிவிட்ட மாதிரி ஆகக் கூடாது, நீங்களே சொல்வீங்கன்னு. மறுநாள் பார்த்தேன். அதுக்கு மறுநாள் பார்த்தேன். வீட்ல என்னை நம்பல. வேலையில தூங்கிட்டேன்னு நெனச்சுட்டா. நீங்க இங்க சொல்லிட்டீங்க. அங்க யாரு சொல்றது?"

"நான் வீட்டுக்கு வந்து சொல்றேன்" என்றார் அக்கா.

சாயங்காலம் போனார். மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறையும் சமையல்கட்டும். கோட்டானின் மனைவி அப்போதுதான் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். அக்கா உட்காராமலே எல்லாவற்றையும், கோட்டான் மறந்துட்டேன் என்று எழுதிக் கொடுத்தது வரைக்கும் சொன்னார், காலையில் சொன்னதைவிடத் திக்கித் திணறி. ஆபீசில் சொல்வது ஒரு விதம். தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவில், ஒரு பொம்பளையின் கண்ணைப் பார்த்துச் சொல்வது வேறு.

அவள் கேட்டு முடித்தாள். கத்துவாள் என்று அக்கா எதிர்பார்த்தார்.

"பதினெட்டு நாளா இந்த மனுஷனை நான் சொல்லாத சொல் இல்லைங்க. என் லீவு அன்னைக்குப் பகல்ல கண் அசந்தா எழுப்பி விட்டேன், வேலையில தூங்குறதுக்கு இங்க என்ன தூக்கம்னு. இவரு வாயே திறக்கல." புருஷனைப் பார்த்தாள், பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அதையெல்லாம் நான் எப்படித் திரும்ப எடுத்துக்கிறது, சொல்லுங்க? சரி, அது எங்க பாடு. ஆனா இதோ இருக்காளே, இவ முன்னாலயும் சொல்லிட்டேன். இவ ஸ்கூல்ல போய், எங்கப்பா வேலையில தூங்கிட்டாரு, அதான் வீட்ல இருக்காருன்னு சொல்லிட்டு வந்திருக்கா. இனி நான் மாத்திச் சொன்னா நம்ப மாட்டா. நீங்களே சொல்லிடுங்க."

மூலையில் அந்தப் பெண் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது. அக்கா தரையில் அதன் முன்னால் உட்கார்ந்தார். முழங்கால் வலித்தது.

"பாப்பா, உங்கப்பா வேலையில தூங்கலம்மா. அவருக்கு ஒரு விஷயம் நான் சொல்லியிருக்கணும். சொல்லல. தப்பு என்னுது."

பெண் பென்சிலைக் கீழே வைத்தது. யோசித்தது. அப்பாவைப் பார்த்தது, அக்காவைப் பார்த்தது.

"நீங்க சொல்லவே இல்லன்னா, எங்கப்பா ஏன் மறந்துட்டேன்னு சொன்னாரு?"

கோட்டான் தலையைக் குனிந்துகொண்டான். அவன் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"எனக்காகச் சொன்னாரும்மா" என்றார் அக்கா. "நான் சும்மா இருந்துட்டேன்."